≥ எப்படி ³ ஆனது

மேல்நிலை வகுப்புக் கணித வினாத்தாள் ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "x ≥ 2 எனில் x² − 3x + 2 ≥ 0 என நிறுவுக." ஆசிரியர் இதை வேர்டில் தட்டச்சு செய்கிறார். திரையில் சரியாக இருக்கிறது. கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்பி, அங்கிருக்கும் ஒரு செயலியில் பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புகிறார். அச்சாகி வருவது இது: "x ³ 2 எனில் x² − 3x + 2 ³ 0 என நிறுவுக." வேறொரு செயலியில் மாற்றியிருந்தால் ≥ இருந்த இடம் வெற்றிடமாக வந்திருக்கும். இன்னொன்றில் சின்னக் கட்டம் வந்திருக்கும்.

ஒரே குறி, மூன்று விதமான கேடு. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதை அந்தக் குறியின் பின்னாலேயே போனால் பார்க்கலாம். இந்த மூன்றில் வெற்றிடமும் கட்டமும் பரவாயில்லை. ஏதோ விடுபட்டிருக்கிறது என்று மாணவருக்குத் தெரிந்துவிடும். ³ அப்படியல்ல. "x ³ 2" என்பதை "x-இன் கனம், அதற்குப் பக்கத்தில் 2" என்று படிக்க முடியும். கணிதத்தில் கனக்குறி இருப்பது இயல்பு என்பதால் பிழை திருத்துபவரின் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விடும்.

> என்ற குறி 1631-இல் தாமஸ் ஹாரியட்டின் நூலில் அச்சேறியது. ஹாரியட் அதற்கு முன்பே இறந்துவிட்டார். "பெரியது அல்லது சமம்" என்பதற்கு > குறியின் கீழ் இரண்டு கோடு போட்டு 1734-இல் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான பியர் பூகே. அதன் பிறகு இந்தக் குறி ஈய அச்சிலேயே வாழ்ந்தது. அச்சுக்கோப்பவர் கையில் எடுப்பது குறியின் உருவத்தையே என்பதால், அது வழியில் வேறொன்றாக மாற வாய்ப்பில்லை. கணினிக்குள் வந்தபோதுதான் குறி உருவத்தை விட்டுவிட்டு எண்ணாகப் பயணிக்கத் தொடங்கியது.

நம் கதைக்கு முக்கியமான ஆண்டு 1985. ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியோடு வந்தது. அதற்குள் நான்கு எழுத்துருக் குடும்பங்கள் இருந்தன: டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர், நான்காவது சிம்பல். அந்நாளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம்தான். ஒரு பைட்டில் 256 எண்களுக்கு மேல் அடங்காது. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், ஐரோப்பிய மொழிகளின் மாத்திரைக் குறிகள் எல்லாம் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டன. கிரேக்க எழுத்துகளுக்கும் கணிதக் குறிகளுக்கும் இடமில்லை. அதனால் அதே 256 எண்களை இன்னொருமுறை பயன்படுத்தினார்கள். சாதாரண எழுத்துருவில் a இருக்கும் எண்ணில் சிம்பலில் α. b இருக்கும் எண்ணில் β. p இருக்கும் எண்ணில் π. நம் ≥ குறிக்குக் கிடைத்தது 179-ஆம் எண். பதினாறடிமானத்தில் எழுதினால் B3.

கதவு எண்ணை மட்டும் சொல்லித் தெருப்பெயரைச் சொல்லாமல் விட்ட முகவரி போன்றது இது. சிம்பல் தெருவில் 179-ஆம் எண்ணில் இருப்பது ≥. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ் வரிசையில் அதே 179-ஆம் எண்ணில் இருப்பது ³. எண்ணும் எழுத்துருவின் பெயரும் சேர்ந்தே பயணம் செய்யும்வரை தொல்லையில்லை. வழியில் எங்கேனும் பெயர் உதிர்ந்துவிட்டால், அந்த எண்ணில் வேறொருவர் கதவைத் திறப்பார்.

இதை அறிந்துவிட்டால் பாழான பக்கத்தையும் படிக்கலாம், ஏனென்றால் இந்தக் குளறுபடி தாறுமாறானதல்ல. எப்போதும் ஒரே மாதிரி நிகழ்வது. ≤ குறியின் எண்ணில் இருப்பது பவுண்டு நாணயக் குறி, ஆகவே "0 ≤ x ≤ 5" என்பது "0 £ x £ 5" ஆகும். ≠ குறி ¹ ஆகும். √ குறி Ö ஆகும், ∑ குறி å ஆகும், ∫ குறி ò ஆகும். அம்பு ® ஆகவும் முடிவிலி ¥ ஆகவும் மாறுவதால் "x → ∞" என்பது "x ® ¥" என்று வரும். பழைய ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களில் ® ¥ என்ற இந்த இணையைக் கண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் அச்சம் தருவது கணிதத்துக்கு வெளியே நடப்பது. சிம்பலில் μ இருப்பது m-இன் எண்ணில். மைக்ரோகிராமைக் குறிக்க "μg" என்று ஒருவர் சிம்பல் எழுத்துருவின் துணையோடு எழுதி, அந்த எழுத்துரு வழியில் தொலைந்தால், தாளில் நிற்பது "mg". அதாவது மில்லிகிராம், ஆயிரம் மடங்கு அதிகம். அங்கே வெற்றிடம் இல்லை, கட்டமும் இல்லை, அந்நியக் குறி எதுவும் இல்லை. தவறு என்று காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்த வகை விபத்து புதிதல்ல. பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "mk;kh" என்று வரும். ஆங்கில எழுத்துகளின் எண்களின்மேல் தமிழ் உருவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு அது. சிம்பலும் அதே உத்திதான். தமிழ் யூனிகோடுக்கு மாறியபின் நாம் அந்தத் தொல்லையை ஏறத்தாழ மறந்துவிட்டோம். ஆனால் கேள்வி தமிழ் யூனிகோடிலும் அதன் நடுவே வரும் ≥ பழைய சிம்பலிலும் இருக்கும் வினாத்தாள்கள் இன்னும் உண்டு. ஒரே வரியில் இரண்டு காலங்கள். தமிழ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, கணிதம் மட்டும் சிதைவது இதனால்தான்.

சிம்பலுக்குள் ஒரு பைட்டாக இருந்த ≥, விண்டோஸ் யூனிகோடுக்கு மாறியபோது எங்கே போனது? யூனிகோடில் அதற்கென்று 2265 என்ற பதினாறடிமான எண் உண்டு. அங்கே அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். சிம்பல் போன்ற எழுத்துருக்களுக்கு விண்டோஸ் வேறொரு வழியைக் கையாண்டது. யூனிகோடில் E000 முதல் F8FF வரை 6,400 இடங்கள் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்கு யூனிகோடு ஒருபோதும் பொருள் கொடுக்காது. பயன்படுத்துபவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளலாம். அங்கே F000-இல் தொடங்கும் பகுதியில் சிம்பலின் பழைய எண்களை அப்படியே கொண்டுபோய் வைத்தார்கள். B3 இப்போது F0B3 ஆனது. வேர்டின் செருகு பட்டியலில் சிம்பல் எழுத்துருவைத் தேர்ந்து ≥ குறியைச் சொடுக்கினால், கோப்புக்குள் இப்படி எழுதப்படுகிறது:

```
<w:sym w:font="Symbol" w:char="F0B3"/>
```

இந்த ஒரு வரியில் கதவு எண்ணும் இருக்கிறது, தெருப்பெயரும் இருக்கிறது. வேர்டு இரண்டையும் படிக்கத் தெரிந்தது; அதன் கணினியில் சிம்பல் எழுத்துருவும் இருக்கிறது. அதனால் வேர்டே நேரடியாக பிடிஎஃப் ஆக்கும்போது பெரும்பாலும் பக்கம் சரியாகவே வரும். கைப்பேசிச் செயலி, இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் தளம், அலுவலக சர்வர் என வேறு யாராவது மாற்றும்போதுதான் பாதை பிரிகிறது.

மாற்றி நல்லதாக இருந்தால், "சிம்பலின் B3 என்றால் ≥" என்ற அட்டவணை அதனிடம் இருக்கும். அது 2265-க்கு மாற்றிவிடும். அட்டவணை இல்லாத மாற்றி ஒன்று, தனியார் பகுதியின் முன்னொட்டான F0-வைக் கழித்துவிட்டு B3-ஐ மட்டும் எடுத்து, கையிலிருக்கும் சாதாரண எழுத்துருவில் தேடும். அங்கே கிடைப்பது ³. இன்னொரு மாற்றி F0B3-ஐ அப்படியே வைத்துக்கொண்டு சாதாரண எழுத்துருவில் தேடும். அங்கே அந்த எண்ணில் எந்த உருவமும் இல்லை. எந்த எழுத்துருவிலும் முதல் உருவமாக, அதாவது பூஜ்ஜியமாவது இடத்தில், `.notdef` என்று ஒன்று இருக்கும்; தேடியது கிடைக்காதபோது காட்ட வேண்டியது. அதை ஓர் எழுத்துரு கட்டமாக வரைந்திருக்கும், இன்னொன்று வெறுமையாக விட்டிருக்கும். கட்டத்துக்கும் வெற்றிடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அவ்வளவே.

இப்போது பிடிஎஃப்புக்குள் நுழையலாம். 1991-இல் அடோபியின் ஜான் வார்னாக் ஒரு திட்டத்தை முன்வைத்தார். எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1993-இல் அது பிடிஎஃப் என்று வெளிவந்தது. அந்த வடிவத்துக்குப் பக்கத்தின் தோற்றமே முதன்மை. "இது பெரியது அல்லது சமம் என்ற குறி" என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. "ஐந்தாம் எழுத்துருவை எடு, B3 எண்ணுக்குரிய உருவத்தை இங்கே வரை" என்பது போதும். நம் வினாவின் முதல் மூன்று எழுத்துகள் உள்ளே ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
/F1 12 Tf (x ) Tj
/F5 12 Tf <B3> Tj
/F1 12 Tf ( 2) Tj
```

F5 என்பது சிம்பல். அந்த எழுத்துருவின் கோட்டு வடிவங்களும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வந்தால், உலகில் எங்கே திறந்தாலும் ≥ தான். பயன்பட்ட சில உருவங்களை மட்டும் பொதிப்பதும் உண்டு; அப்போது எழுத்துருவின் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டிக்கொள்ளும்.

பொதியாமல் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால்? பழைய பிடிஎஃப்களில் அதற்கு அனுமதி இருந்தது. டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் ஒவ்வொன்றிலும் நான்கு, அவற்றோடு சிம்பல், ஜாப்ஃப் டிங்பேட்ஸ் ஆக 14 எழுத்துருக்கள் எந்தத் திறப்பானிடமும் இருக்கும் என்பது ஒப்பந்தம். கோப்பு சிறிதாகும் என்பதால் பலரும் அவற்றைப் பொதியாமல் விட்டார்கள். பிடிஎஃப் 1.5 காலத்திலேயே இந்தச் சலுகை வேண்டாத வழக்கம் என்று விதிநூல் அறிவித்துவிட்டது. ஆனால் விண்டோஸின் சிம்பலுக்குள்ளே இருக்கும் பெயர் `SymbolMT`. சில திறப்பான்கள் இதுவும் சிம்பல்தான் என்று புரிந்துகொள்கின்றன. புரிந்துகொள்ளாதவை இதை ஏதோ ஒரு சாதாரண எழுத்துரு என்று எண்ணி, கைவசம் உள்ளதைக்கொண்டு ஈடுசெய்கின்றன. மறுபடியும் B3, மறுபடியும் ³. இங்கே கோப்பில் கேடு ஏதும் இல்லை. பார்க்கும் இடத்தில்தான் கேடு. அனுப்பியவர் "எனக்குச் சரியாகத் தெரிகிறதே" என்பதும் பெற்றவர் "எனக்குத் தவறாக வருகிறது" என்பதும் இரண்டுமே உண்மையாக இருப்பது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அக்ரோபேட் ரீடரில் கோப்பைத் திறந்து Ctrl+D அழுத்தினால் கோப்பின் பண்புகள் வரும். அதில் `Fonts` என்ற தாவலில் ஒவ்வோர் எழுத்துருவின் பக்கத்திலும் `Embedded` அல்லது `Embedded Subset` என்று இருக்க வேண்டும். லினக்ஸில் பாப்ளர் கருவிகள் இருந்தால் `pdffonts` என்ற கட்டளை போதும். கேட்டுக்கு அறிகுறியான வரி இப்படி இருக்கும்:

```
name       type      encoding   emb sub uni
SymbolMT   TrueType  WinAnsi    no  no  no
```

`emb` என்பதன் கீழே `no` என்றால் பொதியவில்லை. அதோடு எண்வரிசை `WinAnsi` என்று வேறு இருக்கிறது; இந்த வரிசையில்தான் B3 என்பது ³. இந்த இரண்டும் ஒன்றாகத் தென்பட்டால் கோப்பை அனுப்பாமல் நிறுத்துவதே நல்லது. பட்டியலில் சிம்பலே இல்லை, டைம்ஸ் மட்டும் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ³ தெரிகிறது என்றால், கேடு பிடிஎஃப் ஆவதற்கு முன்பே மாற்றியிடம் நடந்துவிட்டது என்று பொருள்.

கடைசிப் பத்தியான `uni` எதைச் சொல்கிறது? பிடிஎஃப் உருவங்களைத்தான் வைத்திருக்கிறது என்றேன். அப்படியானால் நாம் அதில் தேடுவதும் நகலெடுப்பதும் எப்படி? ஒவ்வோர் உருவ எண்ணும் யூனிகோடில் எந்த எழுத்து என்று திருப்பிச் சொல்லும் ஓர் அட்டவணையை எழுத்துருவோடு சேர்த்து வைக்கலாம். அதன் பெயர் `ToUnicode`. அது இல்லாமல் போகலாம், அல்லது ≥ குறிக்கு நேராக F0B3 என்றே அதில் எழுதியிருக்கலாம். அப்போது பக்கம் கண்ணுக்கு முழுக்கச் சரி. ஆனால் வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கட்டமோ ³-ஓ வரும். பார்வையற்ற மாணவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் இந்த அட்டவணையைத்தான் நம்பியிருக்கிறது. அது அந்தக் குறியைத் தவறாகச் சொல்லும், அல்லது சொல்லாமலே கடக்கும். சமனின்மைக் கணக்கில் குறி கேட்காவிட்டால் அங்கே கணக்கே இல்லை. கண்ணால் மட்டும் சரிபார்க்கிறவர்களுக்கு இந்தப் பிழை தென்படவே தென்படாது என்பதால், நகலெடுத்து ஒட்டிப் பார்க்கும் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வினாத்தாளில் குறிகள் அடர்ந்த ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே ≥ வந்தால் அந்தக் குறி தன் பொருளோடு வந்து சேர்ந்திருக்கிறது.

நோய் எண்ணில் இருப்பதால் மருந்தும் எண்ணிலேயே இருக்கிறது. வேர்டில் 2265 என்று அடித்து உடனே Alt+X அழுத்தினால் அது ≥ ஆகும். யூனிகோடின் சொந்த ≥, எந்த எழுத்துருவின் தயவிலும் இல்லாதது. எழுத்துரு மாறினால் குறியின் தடிமன் மாறலாம், வளைவு மாறலாம், பொருள் மாறாது. ≤ குறிக்கு 2264, ≠ குறிக்கு 2260, √ குறிக்கு 221A. இருக்கும் கோப்பில் ஐயம் இருந்தால், குறியைத் தேர்ந்துகொண்டு செருகு பட்டியலில் `Symbol` பெட்டியைத் திறங்கள். கீழே எழுத்து எண் 179 என்றும் `Symbol (decimal)` என்றும் தெரிந்தால் அது பழையது. 2265 என்றும் `Unicode (hex)` என்றும் தெரிந்தால் கவலையில்லை.

முழுச் சமன்பாடாக எழுதுகிறவர்கள் Alt-ஐயும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் `\ge` என்று அடித்து இடைவெளி விட்டாலும் யூனிகோடு ≥ வரும். 2007-இல் வந்த இந்தச் சமன்பாட்டு முறை கேம்ப்ரியா மேத் என்ற எழுத்துருவில் இயங்குகிறது. அதற்கென்று ஒரு தொல்லை உண்டு: அதில் சாய்ந்து தெரியும் x நம் விசைப்பலகையின் x அல்ல, 1D465 என்ற தனி எண்ணுடைய கணித x. யூனிகோடின் அந்த மேல்தளங்களைத் தெரியாத எழுத்துரு அதைக் கட்டமாக்கிவிடும். ஆனால் அதில் ஓர் ஆறுதல் உண்டு. அது கட்டமாகுமே தவிர வேறொரு குறியாக வேடம் போடாது.

சேமிக்கும்போது வேர்டின் பிடிஎஃப் விருப்பங்களில் `PDF/A` என்ற தெரிவு உண்டு. அது எல்லா எழுத்துருக்களையும் பொதிந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது. நூலகக் காப்பகங்களுக்காக 2005-இல் தரமானது. அதைத் தேர்ந்தால் அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லை என்ற பிரச்சினை தீரும். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். மாற்றி ஏற்கெனவே ≥ குறியை ³ ஆக்கியிருந்தால், பொதிதல் அந்தத் தவறான ³-ஐத்தான் என்றென்றைக்குமாகப் பாதுகாக்கும்.

பழைய வினா வங்கிகளில் இன்னொரு வகை உண்டு. வேர்டோடு வந்த பழைய சமன்பாட்டுக் கருவி, டிசைன் சயன்ஸ் நிறுவனம் செய்தது. பாதுகாப்பு ஓட்டை காரணமாக 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. அதில் எழுதியவை கோப்புக்குள் படங்களாகத் தெரியும். படம்தானே, சிதையாது என்று தோன்றும். ஆனால் அவை புள்ளிகளால் ஆன படங்களல்ல. "சிம்பலில் B3-ஐ இங்கே வரை", "எம்டி எக்ஸ்ட்ராவில் இதை வரை" என்ற வரைதல் ஆணைகள். அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் மாற்றினால் படத்துக்குள்ளேயே ³ வரும், அல்லது குறிகள் மறையும். இவற்றைப் பழைய எழுத்துருக்கள் உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்குவது ஒரு வழி. புதிய சமன்பாட்டுப் பெட்டியில் திரும்ப எழுதுவது நிலைத்த வழி.

சிதைந்தபின் மீட்க முடியுமா என்பது, எழுத்துருவின் பெயர் பிழைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பிடிஎஃப்புக்குள் `SymbolMT` என்ற பெயர் இன்னும் இருந்தால், அந்த எழுத்துருவில் வரும் ஒவ்வொரு B3-ஐயும் ≥ என்று நிரலால் மாற்றிவிடலாம். பெயரும் போய் எல்லாம் டைம்ஸ் ஆகிவிட்டிருந்தால் நிரலை நம்பக் கூடாது. எல்லா ³-ஐயும் ஒரே மூச்சில் மாற்றினால் உண்மையான கனக்குறிகளும் ≥ ஆகிவிடும். "x³ ³ 8 எனில் x ³ 2" என்ற வரியில் முதல் ³ கனம், மற்ற இரண்டும் ≥. அதைக் கணிதம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். கையில் பழைய வேர்டு கோப்பு இருந்தால் அதைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு.